நம்பரே இல்லாமல் போன் அலறுவது எப்படி? வெள்ள எச்சரிக்கை பற்றி ஒரு கேள்வி

கொலன்னாவ ரிஸ்னா எழுதியது:

திட்வா புயலுக்குப் பிறகு 2025 நவம்பர் கடைசியில் எங்கள் பக்கம் தண்ணி வந்தது எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் மிதந்து கதவில் இடிக்கிற சத்தத்தில்தான் உம்மா எழும்பினார். எழும்பிப் பார்த்தால் கட்டில் கால் நனைந்து விட்டது. எல்லாரும் மாடிக்கு ஏறின பிறகு, விடியும் நேரத்தில்தான் என் போனுக்கு எஸ்எம்எஸ் வந்தது, தாழ்நிலத்தில் இருப்பவர்கள் கவனமாக இருங்கள் என்று. என் நானாவுக்கு அதுவும் வரவில்லை. இரண்டு பேரும் ஒரே கம்பனி சிம், ஒரே அறை.

இப்போது சென்னையில் இருந்து வந்திருக்கிற என் மச்சான் சொல்கிறார், அங்கே 2023இல் ஒரு நாள் ஊரில் இருக்கிற எல்லாப் போனும் ஒரே நேரத்தில் சைரன் மாதிரிக் கத்தி, திரையில் பெரிய பெட்டியில் செய்தி வந்ததாம். அது சோதனைதானாம். சைலண்டில் இருந்த போனும் கத்தியதாம். அவர் நம்பரை யாருக்கும் பதிந்து கொடுக்கவில்லை. அப்படியென்றால் இத்தனை லட்சம் பேரின் நம்பரை எடுத்து ஒரே செக்கனில் அனுப்புகிறார்களா? அது முடியும் என்றால் எனக்கு வந்த எஸ்எம்எஸ் ஏன் இவ்வளவு பிந்தியது?

வெள்ளவத்தை குமரன்:

அது எஸ்எம்எஸ் இல்லை, இன்டர்நெட் வழியாக வருகிற நோட்டிபிகேஷன். கூகுள், ஆப்பிள் இரண்டுக்கும் எங்கள் ஜிபிஎஸ் தெரியும், அதை வைத்து அந்த ஏரியாவில் இருப்பவர்களுக்குத் தள்ளுகிறார்கள். டேட்டா ஓன் பண்ணி, லொகேஷன் ஓன் பண்ணி வைத்திருந்தால் வரும். உங்கள் நானா டேட்டாவை ஓஃப் பண்ணி இருப்பார்.

நைட் டியூட்டி:

எனக்கும் ஒரு நாளைக்கு பத்து மெசேஜ் வருகிறது, எல்லாம் ரீலோட் ஓஃபர். அதை நிறுத்த என்ன வழி என்று யாராவது சொல்லுங்கள்.

டவர்க்காரன்:

நைட் டியூட்டி தம்பி, அது வேறு கதை, தனி இழை போடுங்கள்.

குமரன், எஸ்எம்எஸ் இல்லை என்றது சரி, மற்றதெல்லாம் பிழை. கூகுளும் வேறு வழியில் சில எச்சரிக்கைகள் காட்டும், அதைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரிஸ்னாவின் மச்சான் சொல்வது அது இல்லை. டேட்டா வேண்டாம், ஜிபிஎஸ் வேண்டாம், ரீலோட் முடிந்த சிம்முக்கும் வரும். அதன் பெயர் செல் புரோட்காஸ்ட். நான் வளைகுடாவில் ஒரு கம்பனியில் ஆறு வருடம் இந்த வேலைதான் பார்த்தேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக் கொள்ளுங்கள்.

எஸ்எம்எஸ் எப்படிப் போகிறது என்று முதலில் பாருங்கள். நம்பரைக் கொடுத்ததும் நெட்வொர்க் தன் பதிவேட்டில் தேடி, இந்த நம்பர் கடைசியாக எந்தப் பகுதியில் இருந்தது என்று பார்க்கும். பிறகு அந்தப் பகுதி டவர்கள் எல்லாம் உங்கள் பெயரைக் கூப்பிடும். போன் "இருக்கிறேன்" என்று பதில் சொல்லும். அதற்கென்று ஒரு சின்ன வழியைத் திறந்து, செய்தியைக் கொடுத்து, கிடைத்தது என்று கையெழுத்து வாங்கி, வழியை மூடும். தபால்காரர் வீடு வீடாகப் பதிவுத் தபால் கொடுக்கிற மாதிரி. ஒருவர் வீட்டில் இல்லாவிட்டால் திரும்ப வருவார்.

கணக்குப் பாருங்கள். கொழும்பு மாவட்டத்தில் 23 லட்சம் பேர். ஒரு பேச்சுக்கு, செக்கனுக்கு ஆயிரம் எஸ்எம்எஸ் போகிறது என்று வையுங்கள். 2300 செக்கன், அதாவது 38 நிமிடம். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துத்தான், கொஞ்சம் நீண்டால் மூன்று துண்டாகப் போகும். அப்போது இரண்டு மணித்தியாலம். அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். வெள்ள இரவில் ஊரே கோல் எடுத்துக் கொண்டிருக்கும், டவரில் அந்தச் சின்ன வழிகள் எல்லாம் நிரம்பி இருக்கும், பாதி முதல் தடவையில் போகாது, வரிசையில் கிடந்து பிறகு திரும்பப் போகும். உங்களுக்கு விடியவும் நானாவுக்கு வராமலும் போனது இதனால்தான் இருக்கும். ஒரே அறையில் இருந்தாலும் வரிசையில் இரண்டு பேரும் வேறு வேறு இடம்.

செல் புரோட்காஸ்ட்டில் நம்பரே இல்லை. ஒவ்வொரு டவரும் இருபத்து நாலு மணித்தியாலமும் தன்னைப் பற்றி அறிவித்துக் கொண்டே இருக்கிறது. நான் இந்த நெட்வொர்க், இந்த டவர், என்னிடம் வர இது வழி என்று. உங்கள் போன் பையில் தூங்கினாலும் அதைக் கேட்டுக் கொண்டுதான் இருக்கும், இல்லாவிட்டால் மேலே சிக்னல் கோடே வராது. எச்சரிக்கையை அந்த அறிவிப்புக்குள்ளேயே செருகி விடுகிறார்கள், அவ்வளவுதான். 4ஜியில் 12ஆம் இலக்க அறிவிப்புத் தொகுதி இதற்கென்றே இருக்கிறது. தூங்குகிற போன் ஒரு செக்கனுக்கு ஒரு தடவை போல கண் விழித்து, யாராவது கூப்பிட்டார்களா என்று பார்க்கும். அப்போது "புது எச்சரிக்கை இருக்கிறது, போய் வாசி" என்று ஒரு சின்னக் கொடி காட்டப்படும். போன் வாசிக்கும், கத்தும். பதில் எதுவும் அனுப்பாது.

புறக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொருவர் காதிலும் போய் சொல்வதற்கும், மைக்கில் ஒரு தடவை சொல்வதற்கும் உள்ள வித்தியாசம். டவருக்குக் கீழே பத்துப் போன் இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் டவருக்கு ஒரே வேலை. ஊரே கோல் எடுத்து நெரிசல் ஆனாலும் இது நிற்காது.

அண்ணாநகர் மருமகன்:

கொழும்புக்காரன்தான், கலியாணம் முடித்து சென்னையில் பத்து வருடம். அங்கே அந்தக் காலத்து பட்டன் போனில் திரையில் ஏரியா பெயர் வரும், ஞாபகம் இருக்கிறதா? அண்ணாநகரில் ஏறினால் ஒரு பெயர், சென்ட்ரல் வந்ததும் இன்னொரு பெயர். அதுவும் இதுதானா?

டவர்க்காரன்:

அதே சாமான்தான். 50ஆம் இலக்க சனலில் டவரின் ஏரியா பெயரைப் போட்டு விடுவார்கள். தொழில்நுட்பம் 2ஜி காலத்திலேயே வந்தது, புதுசு ஒன்றும் இல்லை. எங்கள் நாட்டிலும் 2009இல் டயலொக்கும் இடர் முகாமைத்துவ நிலையமும் சேர்ந்து ஆரம்பித்த எச்சரிக்கை வலையமைப்பில் எஸ்எம்எஸ், செல் புரோட்காஸ்ட் இரண்டும் இருந்தன. ஆக, தெரியாமல் இருந்தோம் என்று யாரும் சொல்ல முடியாது.

வெள்ளவத்தை குமரன்:

சரி ஐயா, ஒத்துக் கொள்கிறேன். ஆனால் ஜிபிஎஸ் இல்லாமல் நான் வெல்லம்பிட்டியில் இருக்கிறேனா வெள்ளவத்தையில் இருக்கிறேனா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எப்படியோ எங்களை டிரேக் பண்ணுகிறார்கள் என்றுதானே அர்த்தம்.

டவர்க்காரன்:

யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. மைக்கில் பேசுகிறவருக்குக் கூட்டத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது, எந்த மைக்கைப் போடுகிறோம் என்று மட்டும்தான் தெரியும்.

களனி கங்கையை வைத்தே சொல்கிறேன். ஹங்வெல்லவில் அளவுகோல் ஏறுகிறது, நாகலகம் வீதி அளவுகோலும் ஏறிக் கொண்டிருக்கிறது. அங்கே 4 அடி என்றால் விழிப்பு, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். மேலே பெய்த தண்ணி கொழும்புக்கு இறங்க மணித்தியாலக் கணக்காகும், அதனால் இந்த வகை வெள்ளத்துக்கு நேரம் இருக்கிறது. மலைச்சரிவு மாதிரி இல்லை.

அதிகாரி கணினியில் வரைபடத்தைத் திறந்து, கடுவெல, அம்பத்தலை, கொலன்னாவ, வெல்லம்பிட்டி, கிராண்ட்பாஸ் கீழ்ப்பக்கம் எல்லாம் வருகிற மாதிரி ஒரு வேலி வரைகிறார். செய்தியை எழுதுகிறார், எத்தனை மணித்தியாலம் ஓட வேண்டும், எத்தனை செக்கனுக்கு ஒரு தடவை திரும்பச் சொல்ல வேண்டும் என்று போடுகிறார். ஆறு மணித்தியாலம், நிமிடத்துக்கு ஒரு தடவை என்று வையுங்கள். இன்னொரு அதிகாரி பார்த்துச் சரி சொன்னதும் அது ஒவ்வொரு போன் கம்பனியின் மையத்துக்கும் போகும். கம்பனியின் கருவி அந்த வேலிக்குள் எந்த டவர்கள், டவரின் எந்தப் பக்கங்கள் வருகின்றன என்று பட்டியல் எடுத்து அவற்றுக்கு மட்டும் அனுப்பும். ஒரு டவருக்கு வழக்கமாக மூன்று பக்கம், ஒவ்வொன்றும் வேறு திசையைப் பார்க்கும். வேலிக்குள் இருக்கிற போன்கள் எல்லாம் சில செக்கன்களில் கத்தும். அரை மணித்தியாலம் கழித்து பஸ்ஸில் வெல்லம்பிட்டிக்குள் வருகிறவரின் போனும் கத்தும், ஏனென்றால் டவர் இன்னும் சொல்லிக் கொண்டிருக்கிறது. ஓஃப் பண்ணி வைத்தவர் ஓன் பண்ணினாலும் அப்படித்தான்.

இதில் ஒரு வழுவல் இருக்கிறது. ரேடியோ அலை வேலிக்குக் கட்டுப்படாது. கிராண்ட்பாஸ் உயரக் கட்டடத்தில் இருக்கிற டவர் ஆற்றைத் தாண்டி பேலியகொடைக்கும் கேட்கும். மேட்டில் இருக்கிறவருக்கும் "வெளியேறுங்கள்" என்று வரும். மறுபக்கம், வேலி ஓரத்தில் இருக்கிற ஒருவரின் போன் வேலிக்கு வெளியே உள்ள டவரைப் பிடித்திருந்தால் அவருக்கு வராமல் போகும். அமெரிக்காவில் 2019 கடைசியில் இருந்து வேலியின் புள்ளிகளையும் செய்தியோடு அனுப்புகிறார்கள். போன் தானே தன் இடத்தைப் பார்த்து, நான் வெளியே என்றால் வாயை மூடிக் கொள்ளும். குமரன் சொன்ன ஜிபிஎஸ் அங்கேதான் வருகிறது. ஆனால் அது போனுக்குள்ளேயே நடக்கும் கணக்கு, வெளியே எதுவும் போகாது. பழைய செட்டுகளுக்கு அது தெரியாது.

கொலன்னாவ ரிஸ்னா:

இப்போது விளங்குகிறது. ஆனால் நிமிடத்துக்கு ஒரு தடவை ஆறு மணித்தியாலம் கத்தினால் பிள்ளைகள் பைத்தியம் பிடித்து விடுவார்களே?

டவர்க்காரன்:

போனில் ஒரு தடவைதான் கத்தும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வகை இலக்கமும் ஒரு தொடர் இலக்கமும் உண்டு. இரண்டும் முன்பு கேட்டதுதான் என்றால் போன் பேசாமல் தூக்கிப் போட்டு விடும்.

இதனாலேயே எங்களுக்கு ஒரு தடவை மானம் போனது. ஒரு சோதனையில் செய்தியில் நேரம் பிழையாகப் போய் விட்டது. அவசரத்தில் எழுத்தை மட்டும் திருத்தி, தொடர் இலக்கத்தை மாற்றாமல் அனுப்பி விட்டார்கள். எங்கள் திரையில் எல்லாம் பச்சை, போயிற்று என்று காட்டுகிறது. ஆனால் அலுவலகத்தில் ஒருவர் போனிலும் புதுச் செய்தி இல்லை. சாப்பாட்டுக்குப் போன ஒருவர் போனை அப்போதுதான் ஓன் பண்ணினார், அவருக்கு மட்டும் திருத்தின செய்தி வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு மூளை வேலை செய்தது. ஏற்கெனவே கேட்ட போன்கள் பழையது என்று நினைத்து விட்டன, கேட்காத போனுக்கு மட்டும் அது புதுசு. ஓன்-ஓஃப் பண்ணின போனில் மட்டும் வந்தால் இலக்கத்தைப் பார் என்பது அன்றிலிருந்து எங்கள் வேதவாக்கு.

இன்னொன்று, டவர்ப் பட்டியல். கம்பனி புதிதாக ஒரு டவரைப் போடும், ஆனால் எச்சரிக்கைக் கருவியின் பட்டியலில் சேர்க்க மறந்து விடும். அப்போது ஒரு தெருவில் அந்தக் கம்பனி சிம் எல்லாம் ஊமை, பக்கத்து வீட்டில் மற்றக் கம்பனி சிம் கத்தும். ஊமை ஒரே கம்பனியில், ஒரே தெருவில் என்றால் அனேகமாக இதுதான். சோதனை நடத்தாமல் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, ஏனென்றால் போன் பதில் சொல்வதில்லை. எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று எந்த நெட்வொர்க்குக்கும் தெரியாது. எஸ்எம்எஸ்ஸில் உள்ள ஒரே நன்மை அதுதான்.

கொட்டாஞ்சேனை செல்வி:

நான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவள், ஆகவே என் வயிற்றெரிச்சலையும் சொல்லி விடுகிறேன். டவர் மூன்று செக்கனில் அனுப்பும், சரி. தமிழ் எப்போது வரும்? ஒரு வெள்ள இரவில் பத்தே காலுக்கு சிங்களத்தில் முடிவான அறிவித்தல் என் கைக்குத் தமிழாக்க வந்தது மறுநாள் காலை ஏழுக்கு. எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். நான் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தேன். ஆனால் அந்த ஒன்பது மணித்தியாலம்?

டவர்க்காரன் அண்ணை, உங்கள் கருவியில் மூன்று மொழியையும் எப்படிப் போடுவார்கள்?

டவர்க்காரன்:

தங்கச்சி, இது நல்ல சண்டை, நான் இருந்த இடத்திலும் முடியவில்லை. இரண்டு வழி. ஒன்று, ஒரே செய்திக்குள் மூன்று மொழியையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் போடுவது. மற்றது, மொழிக்கு ஒரு செய்தியாகத் தனித்தனி இலக்கத்தில் அனுப்புவது. முதன்மை மொழிக்கு 4370இல் இருந்து வரும் இலக்கங்கள், கூடுதல் மொழிக்கு 4383இல் இருந்து என்று விதியே இருக்கிறது.

தனித்தனி என்பது கேட்க நல்லா இருக்கும். ஆனால் கூடுதல் மொழிச் செய்தியைக் காட்டுவதா இல்லையா என்று போன் தன் அமைப்பைப் பார்த்து முடிவெடுக்கும். கொழும்பில் தமிழர் எத்தனை பேர் போனைத் தமிழில் வைத்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். என்னுடையதே ஆங்கிலம்.

ஒரே செய்தி என்றால் நீளம் இடிக்கும். "களனி கங்கை பெருக்கெடுக்கிறது. உடனே உயரமான இடத்துக்குப் போங்கள்." இதைப் பள்ளிக்கூடத்தில் எண்ணினால் எழுத்து 34. இடைவெளி, புள்ளி சேர்த்தால் 42. போன் அப்படி எண்ணாது. புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணும், "க்" என்றால் இரண்டு, "போ" என்றாலும் இரண்டு. அதற்கு இது 63. எஸ்எம்எஸ்ஸில் 70தான் இடம், ஆக எந்த ஊர் என்று சொல்லவே மிச்சம் ஏழு! செல் புரோட்காஸ்ட் 2ஜியில் ஒரு பக்கத்துக்கு 40 சொச்சம், 15 பக்கம் வரை போகலாம், அதாவது 600. மூன்று மொழிக்கும் பங்கு வைத்தால் ஆளுக்கு 200. அதற்குள் ஊர், ஆபத்து, என்ன செய்வது, எங்கே போவது எல்லாம் வர வேண்டும். முடியும், ஆனால் சுருக்கமாக எழுதத் தெரிந்த ஆள் வேண்டும்.

கொட்டாஞ்சேனை செல்வி:

அதற்குத்தான் சொல்கிறேன், வெள்ளம் வந்த பிறகு மொழிபெயர்க்கக் கூடாது. "___ பகுதியில் ஆற்று நீர் வேகமாக உயர்கிறது, ___ மணிக்கு முன் ___ பாடசாலைக்குப் போங்கள்" என்று வெற்றிடம் விட்டு மூன்று மொழியிலும் மாரி தொடங்க முன்பே எழுதி, சரிபார்த்து, கணினியில் வைத்து விடலாம். ஊர்ப் பெயரை மட்டும் நிரப்பினால் போதும். ஊர்ப் பெயர்ப் பட்டியலும் தமிழில் இருக்க வேண்டும். "இற்கு", "உக்கு" என்று உருபு ஒட்டாத மாதிரி வாக்கியத்தை அமைத்தால் எந்தப் பெயரும் பொருந்தும். "கொலன்னாவ பகுதியில்" என்று எழுதினால் சந்திப் பிரச்சினையே இல்லை பாருங்கள்.

ஒரே செய்தியில் போட்டால் எந்த மொழி மேலே? அதையும் சொல்லி விடுங்கள்.

வெள்ளவத்தை குமரன்:

அதற்கு வேறு நாட்டில் போய்த்தான் பதில் தேட வேண்டும் 😅

டவர்க்காரன்:

நான் எஞ்சினியர், அரசியல்வாதி இல்லை. பெட்டியில் முதலில் தெரிவது மேல் நாலு வரிதான், கீழே உள்ளதற்கு விரலால் தள்ள வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். வெல்லம்பிட்டி, கிராண்ட்பாஸ் டவர்களுக்கு ஒரு வரிசையும் மற்ற இடத்துக்கு இன்னொன்றும் வைக்கக் கருவியில் தடை இல்லை, அந்தந்த டவருக்குத் தனிச் செய்தி அனுப்பலாம். யார் கேட்பார்கள் என்று தெரியாது.

கொட்டாஞ்சேனை செல்வி:

அண்ணை, இடத்துக்கு இடம் வரிசை மாற்றினால் பேலியகொட டவரில் ஒட்டியிருக்கிற தமிழருக்கு என்ன செய்வது? நான் உடன்பட மாட்டேன். சரி, இதில் இருவரும் முட்ட வேண்டாம்.

பண்டாரவளைப் பிள்ளை:

எல்லாரும் கொழும்பு வெள்ளத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் செட்டியார் தெருவில் கடையில் நிற்கிறேன், அம்மா அப்பா தோட்டத்து லயத்தில். திட்வா நேரம் இரண்டு நாள் எனக்கு லைனே கிடைக்கவில்லை. "நீங்கள் அழைத்த இலக்கம்" என்றுதான் வந்தது. டவரே செத்துக் கிடந்தால் உங்கள் மைக் எப்படிக் கத்தும்?

டவர்க்காரன்:

கத்தாது தம்பி. இதில் மழுப்ப ஒன்றுமில்லை. கரண்ட் போனால் டவர் பெட்டரியில் சில மணித்தியாலம் ஓடும், பிறகு ஜெனரேட்டர் இருந்தால் உண்டு, பாதை மூடி டீசல் ஏற்ற முடியாவிட்டால் இல்லை. மண் சரிந்து பைபர் அறுந்தால் டவருக்கு உயிர் இருந்தும் பயனில்லை. ஒரு சின்ன ஆறுதல், உங்கள் கம்பனி டவர் செத்து, பக்கத்தில் வேறு கம்பனி டவர் ஒன்று உயிரோடு இருந்தால் போன் அவசர அழைப்புக்கு மட்டும் என்று அதில் ஒட்டிக் கொள்ளும். அந்த நிலையிலும் எச்சரிக்கையைக் கேட்கலாம் என்று 4ஜி விதியில் இருக்கிறது. கோல் எடுக்க முடியாவிட்டாலும் சைரன் வரலாம்.

ஆனால் உண்மையான பதில் என்னவென்றால், டவர் சாவதற்கு முன் அனுப்ப வேண்டும். ஸ்பெயினில் வலன்சியா வெள்ளத்தை எடுங்கள், 2024 ஒக்டோபர் 29. நல்ல கருவி, நாடு முழுக்க செல் புரோட்காஸ்ட், மொழிப் பிரச்சினையும் எங்களுடையது மாதிரி இல்லை. காலையிலேயே வானிலைத் திணைக்களம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்து விட்டது. போன்கள் கத்தியது இரவு 8 மணி 11 நிமிடத்துக்கு. அதற்குள் பல ஊர்களில் மக்கள் காரோடு தண்ணிக்குள். 220 பேருக்கு மேல் செத்தார்கள். கருவிக்குத் தேவைப்பட்டது செக்கன்கள்தான், மற்ற நேரமெல்லாம் அனுப்புவதா வேண்டாமா என்று மேசையைச் சுற்றி இருந்தவர்களுடையது.

அண்ணாநகர் மருமகன்:

அவசரப்பட்டு அனுப்பினாலும் வினைதானே அண்ணே. ஹவாயில் ஏவுகணை வருகிறது என்று பிழையாக அனுப்பி ஊரே ஓடினதே.

டவர்க்காரன்:

ஆம், 2018 ஜனவரி 13. பிழை என்று அதே வழியில் திருப்பிச் சொல்ல 38 நிமிடம் எடுத்தது, ஏனென்றால் "இது பிழை" என்ற செய்தி தயாராக இல்லை. செல்வி சொன்ன வெற்றிட வாக்கியங்களோடு ரத்துச் செய்தியையும் எழுதி வைக்க வேண்டும். ஆனால் வெள்ளத்தில் அந்தப் பயம் கொஞ்சம் வேறு. ஏவுகணை வந்ததா இல்லையா என்பது ஒரே கேள்வி. ஆறு ஏறுவது எல்லாருக்கும் அளவுகோலில் தெரிகிறது. 5 அடியில் ஒரு செய்தி, 7 அடியை நெருங்கும்போது இன்னொரு செய்தி என்று முன்பே முடிவு செய்து விட்டால் நடுச்சாமத்தில் யாரும் துணிச்சல் காட்ட வேண்டியதில்லை.

கொலன்னாவ ரிஸ்னா:

5 அடிக்கே கத்த வைத்தால் ஒவ்வொரு மாரிக்கும் இரண்டு மூன்று தடவை கத்தும். எங்கள் பக்கம் ஆட்கள் பிறகு போனை ஓஃப் பண்ணி விட்டுத் தூங்குவார்கள். இது உங்களுக்குத் தெரியாது, ஆற்றோரம் இருக்கிற எங்களுக்குத் தெரியும். தண்ணி வந்து போன பிறகு "இந்த முறையும் சும்மாதான்" என்று சொல்கிற ஆட்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள்.

டவர்க்காரன்:

அது நியாயம். அதனால்தான் வகை இலக்கம் இரண்டு மூன்றாக இருக்கிறது. விதிப்படி 4370ஐ மட்டும் பாவிப்பவர் நிறுத்த முடியாது, அதற்குக் கீழே உள்ளவற்றை ஓஃப் பண்ணலாம். 5 அடிக்கு அந்தக் கீழ் வகை ஒன்று, 7 அடிக்கு 4370 என்று வைக்கலாம். எத்தனை அடிக்கு எது என்பதை என்னை விட உங்கள் ஒழுங்கைக்காரரிடம் கேட்டு வைப்பது நல்லது.

ஆன்ட்ராய்டில் தேடிப் பார்க்க விரும்புகிறவர்கள் செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் Wireless emergency alerts என்று அடியுங்கள். ஐபோனில் நோட்டிபிகேஷன் பக்கத்தின் அடியில் இருக்கும். ஆனால் ஐபோனில் அந்தப் பகுதி எல்லா நாட்டிலும் தெரியாது, நாட்டையும் சிம்மையும் பார்த்துத்தான் காட்டும். இல்லை என்றால் போன் பழுது என்று கடைக்குக் கொண்டு போகாதீர்கள்.

நைட் டியூட்டி:

எனக்கு அந்த மெனு இருக்கிறது. எல்லாவற்றையும் ஓஃப் பண்ணினேன், ரீலோட் மெசேஜ் இன்னும் வருகிறது.

டவர்க்காரன்:

தம்பி, தயவு செய்து எல்லாவற்றையும் திரும்ப ஓன் பண்ணுங்கள்.

பண்டாரவளைப் பிள்ளை:

அண்ணை, கடைசியாக ஒன்று. அப்பாவிடம் இருப்பது சின்ன பட்டன் போன். போன முறை வீட்டுக்குப் போனபோது மெனுவுக்குள் தோண்டிப் பார்த்தேன், செல் இன்போ என்று ஒன்றும், சனல் இலக்கம் போடுகிற இடமும் இருக்கிறது. மூன்று இலக்கம்தான் அடிக்க விடுகிறது. 4370 போகவில்லை. வேறு எதைப் போட?

டவர்க்காரன்:

நல்ல கண். ஒல்லாந்தில் இதே சிக்கல் வந்துதான் பழைய செட்டுகளுக்கென்று 919 என்ற சனலையும் சேர்த்து ஒலிபரப்பினார்கள், சனங்களிடம் அதைக் கையால் போடச் சொன்னார்கள். இங்கே எந்த இலக்கம் என்று ஒலிபரப்புகிறவர்கள் முடிவு செய்து சொன்னால்தான் உண்டு, நான் சும்மா ஒரு இலக்கம் சொன்னால் அப்பா அதைப் போட்டு விட்டு நம்பிக் கொண்டிருப்பார். இன்னொன்று, 2ஜி செட் கோலில் இருக்கும்போது இதைக் கேட்காது. நீங்கள் பயத்தில் அவரோடு ஒரு மணித்தியாலம் பேசிக் கொண்டிருந்தால் அந்த நேரம் எச்சரிக்கை அவருக்குத் தெரியாது. சுருக்கமாகப் பேசி வையுங்கள்.

பண்டாரவளைப் பிள்ளை:

அம்மாதான் வைக்க விட மாட்டார். சரி, பக்கத்து லயத்தில் ஒரு அண்ணனிடம் 4ஜி போன் இருக்கிறது. சத்தம் கேட்டால் அப்பாவின் கதவைத் தட்டச் சொல்லி இன்றைக்கு இரவே பேசுகிறேன்.

கொலன்னாவ ரிஸ்னா:

உம்மாவின் போனில் இப்போது பார்த்தேன். மெனு இருக்கிறது, ஆனால் போன் மொழி ஆங்கிலம். தமிழுக்கு மாற்றிக் கொடுத்தால் வட்சப் எங்கே என்று தேடுகிறார்.